பாக்கெட்டில் கிடக்கும் செல்போன் தானாக டார்ச் அடிக்கிறதா? கேமரா திறக்கிறதா? தடுப்பது எப்படி?

சென்னை:

காலையில் வீட்டை விட்டு கிளம்பும்போது செல்போனில் 90 சதவீதம் சார்ஜ் இருக்கும். யாரிடமும் பேசியிருக்க மாட்டோம். படமும் பார்த்திருக்க மாட்டோம். மதியம் எடுத்துப் பார்த்தால் 20 சதவீதம் என்று காட்டும். போன் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுடும். சில நேரம் சட்டைப்பைக்குள் டார்ச் எரிவதை எதிரே வருபவர்தான் பார்த்து, "அண்ணே, உங்க பாக்கெட்ல லைட் எரியுது" என்று சொல்வார்.

போன் கெட்டுப்போச்சு, பேட்டரி போயிடுச்சு என்று நினைத்து பழுது பார்க்கும் கடைக்கு ஓடுபவர்கள் நிறைய. ஆனால் பல நேரங்களில் போனில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. அவசரத்துக்கு உதவட்டும் என்று போன் கம்பெனியே கொடுத்திருக்கும் ஒரு வசதிதான் இந்த வேலையைச் செய்கிறது.

அது என்ன வசதி, அது எப்படி பாக்கெட்டுக்குள் தானாக வேலை செய்கிறது, காசு செலவில்லாமல் அதை நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு அழுத்து, கேமரா ரெடி

போனின் பக்கவாட்டில் இருக்கும் பவர் பட்டனை "டக் டக்" என்று இரண்டு முறை வேகமாக அழுத்தினால், போன் பூட்டியிருந்தாலும் கேமரா உடனே திறக்கும். ரகசிய எண் போட வேண்டாம், விரல் ரேகை வைக்க வேண்டாம். 2015-ம் ஆண்டு வந்த நெக்சஸ் போன்களில் இந்த வசதி இருந்தது. அதே ஆண்டு வந்த சாம்சங் கேலக்சி எஸ்6 போனில் ஹோம் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கேமரா வரும். அதற்குப் பிறகு இது பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்கு பரவிவிட்டது. ரெட்மி போன்றவற்றில் இதே இரட்டை அழுத்தலுக்கு டார்ச் லைட்டையும் வைத்துக் கொள்ளலாம்.

இதைத் தவிர இன்னும் சில குறுக்கு வழிகள் உண்டு. சில போன்களில் வால்யூம் குறைக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கேமரா வரும். சிலவற்றில் அணைந்திருக்கும் திரையை இரண்டு முறை தட்டினால் திரை எரியும். ஐபோனிலும், கூகுள் பிக்சல் போனிலும் போனின் முதுகில் இரண்டு முறை தட்டி டார்ச் போட முடியும். மோட்டோரோலா போனை கையில் பிடித்து கத்தியால் வெட்டுவது போல இரண்டு முறை ஆட்டினால் டார்ச் எரியும். மணிக்கட்டை இரண்டு முறை திருப்பினால் கேமரா வரும்.

இதில் எதையும் குறை சொல்ல முடியாது. விபத்து நடந்த இடத்தில் வண்டி நம்பரை படம் எடுக்க, கரண்ட் போன நேரத்தில் படிக்கட்டில் இறங்க, இந்த வசதி கை கொடுக்கும். ஆனால் கைக்கு சுலபமாக இருப்பது பாக்கெட்டுக்கும் சுலபமாக இருக்கிறது. அங்கேதான் வம்பு.

பாக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது?

ஆண்ட்ராய்டு போனில் பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி, அடுத்த அழுத்தல் சுமார் 300 மில்லி வினாடிக்குள், அதாவது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்தால் போன் அதை இரட்டை அழுத்தல் என்று எடுத்துக் கொள்கிறது. அழுத்தியது விரலா, வீட்டுச் சாவியா, பஸ் சீட்டின் கம்பியா என்று பட்டனுக்குத் தெரியாது.

இறுக்கமான பேண்ட் பாக்கெட்டில் போனை வைத்து குனிந்து நிமிரும்போது, பைக்கில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, படி ஏறும்போது பட்டன் இப்படி அழுத்தப்படலாம். போன் கவர் சற்று இறுக்கமாக இருந்தால் இன்னும் சுலபம். கவரின் பக்கவாட்டு ரப்பர் ஏற்கனவே பட்டனை பாதி அழுத்திக் கொண்டிருக்கும். லேசாக ஒரு தள்ளு போதும்.

திரை தட்டல் வேறு கதை. செல்போன் திரை நம் உடம்பில் உள்ள மின் தன்மையை வைத்துத்தான் விரலை அடையாளம் காண்கிறது. மெல்லிய துணி நடுவில் இருந்தாலும் சில நேரம் கண்டுபிடித்துவிடும். அந்தத் துணி வேர்வையில் நனைந்திருந்தால் வேலை இன்னும் சுலபமாகிவிடும். அதனால்தான் கோடை வெயிலில் உழைப்பவர்களின் சட்டைப்பையில் இந்தத் தொல்லை அதிகமாகத் தலைகாட்டுகிறது.

ஆக, தொல்லை மூன்று வழியில் வரும். பட்டன் அழுத்தப்படுவது ஒன்று. திரை தொடப்படுவது இரண்டாவது. போன் தட்டப்படுவது அல்லது ஆட்டப்படுவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் புரிந்து கொள்ளாமல் ஒன்றுக்கு உள்ள மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால்தான், "எல்லாத்தையும் மாத்திட்டேன், அப்பவும் டார்ச் எரியுது" என்று பலர் புலம்புகிறார்கள்.

மூட்டை தூக்கும் தொழிலாளியின் போன்

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கோயம்பேடு மார்க்கெட்டில் லாரியில் இருந்து வெங்காய மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர். நள்ளிரவு 1 மணிக்கு வேலை ஆரம்பம். அரை டிராயர் பாக்கெட்டில் போன். அதே பாக்கெட்டில் பைக் சாவி. காலை 6 மணிக்கு வீட்டுக்கு பேச போனை எடுத்தால் செத்துக் கிடக்கிறது. இது ஒரு நாள் அல்ல, வாரத்தில் மூன்று, நான்கு நாள்.

"பேட்டரி மாத்துங்க" என்று பழுது பார்க்கும் கடைக்குப் போகிறார். கடைக்காரர் விவரம் தெரிந்தவராக இருந்தால் போனைப் பிரிக்க மாட்டார். முதலில் இரண்டு இடத்தைப் பார்ப்பார்.

ஒன்று, கேலரி. உள்ளே வரிசையாக கறுப்புப் படங்கள். சில படங்களில் டிராயர் துணியின் நூல் மங்கலாகத் தெரிகிறது. எல்லாமே அதிகாலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் எடுத்தவை.

இரண்டாவது, செட்டிங்சில் `Battery` என்ற பகுதி. எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்றது என்ற பட்டியல் அங்கே இருக்கும். வாட்ஸ்-அப்பும் யூடியூபும் மேலே இருக்க வேண்டிய இடத்தில் கேமரா உட்கார்ந்திருக்கிறது.

இப்போது விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. மூட்டையை தோளில் ஏற்ற குனியும்போது சாவி பவர் பட்டனில் இரண்டு முறை இடித்திருக்கிறது. கேமரா திறந்திருக்கிறது. பல போன்களில் கேமரா திறந்திருக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்தினால் அதுவே போட்டோ எடுக்கும். பாக்கெட்டுக்குள் அந்தப் பட்டனும் நசுங்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு படம். சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் கேமரா தானே மூடிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு அழுத்தலும் அதை மறுபடி எழுப்பி விடுகிறது. திரையும் கேமராவும் மணிக்கணக்கில் ஓடினால் சார்ஜ் எங்கே நிற்கும்?

இதுவே டார்ச்சாக இருந்தால் இந்தத் தடயங்கள் கிடைக்காது. கேலரியில் படம் இருக்காது. பேட்டரி பட்டியலில் டார்ச் பெரும்பாலும் தனிப் பெயராக வராது. அதற்கு வேறு அடையாளம் உண்டு. போனின் பின்பக்கம், கேமராவுக்கு அருகில் மட்டும் அதிகமாக சுடும். அங்கேதான் டார்ச்சின் எல்.இ.டி. விளக்கு இருக்கிறது. துணியால் மூடிக் கிடக்கும்போது அந்த சூடு வெளியே போக வழி இல்லை.

5 நிமிட சோதனை

உங்கள் போனில் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க கடைக்குப் போக வேண்டியது இல்லை. போனைப் பூட்டி, திரையை அணைத்து மேஜை மேல் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மறுபடி பூட்டிவிட வேண்டும்.

1. பவர் பட்டனை வேகமாக 2 முறை அழுத்துங்கள். மூன்றாவது அழுத்தல் வேண்டாம். காரணத்தை பின்னால் சொல்கிறோம்.

2. வால்யூம் குறைக்கும் பட்டனை 2 முறை அழுத்துங்கள்.

3. திரையை விரலால் 2 முறை தட்டுங்கள்.

4. போனின் முதுகில் 2 முறை தட்டுங்கள்.

5. போனைக் கையில் இறுக்கிப் பிடித்து 2 முறை வெட்டுவது போல ஆட்டுங்கள். அடுத்து மணிக்கட்டை 2 முறை திருப்புங்கள்.

எதற்கு கேமரா வந்தது, எதற்கு டார்ச் எரிந்தது, எதற்கு திரை மட்டும் எரிந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். போனின் மேல் விளிம்பில், காது வைக்கும் இடத்தை உள்ளங்கையால் நன்றாக மூடிக் கொண்டு அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். பாக்கெட்டுக்குள் இருப்பது போல போனுக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் இது. கையால் மூடிய பிறகும் எது வேலை செய்கிறதோ, அதுதான் பாக்கெட்டுக்குள்ளும் வேலை செய்யும். அதுதான் நீங்கள் தேடும் குற்றவாளி.

மேலே சொன்ன தொழிலாளியின் போனில் இதைச் செய்தால், கையால் மூடிய பிறகு திரையைத் தட்டுவது வேலை செய்யாது. ஆனால் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கேமரா தயக்கம் இல்லாமல் திறக்கும்.

"பாக்கெட் மோடு" போட்டும் பலன் இல்லையே, ஏன்?

பல போன்களில் பாக்கெட் மோடு என்று ஒரு வசதி இருக்கிறது. போனில் காது வைக்கும் இடத்துக்கு அருகே ஒரு சிறிய சென்சார் உண்டு. போன் பேசும்போது காதருகே கொண்டு போனால் திரை அணைகிறதே, அதைச் செய்வது இந்த சென்சார்தான். அது மூடிக் கிடந்தால், போன் பாக்கெட்டில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு திரை தொடுதலை ஏற்காமல் இருப்பதுதான் பாக்கெட் மோடு.

இதில் கவனிக்க வேண்டியது, பாக்கெட் மோடு முக்கியமாகத் தடுப்பது திரை தொடுதலை. பவர் பட்டன் இரட்டை அழுத்தலை பல போன்களில் அது தடுப்பதில்லை. அதனால் பட்டனால் வரும் தொல்லைக்கு பாக்கெட் மோடை மட்டும் நம்பி இருப்பது வீண். அந்தக் குறுக்கு வழியையே அணைக்க வேண்டும்.

பாக்கெட் மோடு போட்டும் திரை தொடுதல் நிற்கவில்லை என்றால் சென்சாரை சந்தேகப்படலாம். யாருக்காவது போன் போட்டு, மேல் விளிம்பை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். திரை அணைந்தால் சென்சார் நல்லபடியாக இருக்கிறது. அணையவில்லை என்றால் சென்சார் வேலை செய்யவில்லை. விலை குறைந்த சில போன்களில் தனி சென்சார் கிடையாது. மென்பொருளை வைத்து ஒரு மாதிரி சமாளித்திருப்பார்கள். அதில் ஏமாற்றம் கொஞ்சம் சகஜம்.

எதிர்மாறான தொல்லையும் உண்டு. அளவு சரியில்லாத டெம்பர் கிளாஸ் ஒட்டி சென்சாரை மறைத்துவிட்டால், அல்லது அந்த இடத்தில் மாவும் தூசியும் அப்பிவிட்டால், போன் கையில் இருக்கும்போதே பாக்கெட்டில் இருப்பதாக நினைத்துக் கொள்ளும். திரை எரியாது, அல்லது மேல் பகுதியை மூடாதீர்கள் என்று எச்சரிக்கை வரும். கிளாசைத் துடைத்தாலோ மாற்றினாலோ சரியாகிவிடும்.

எந்தப் போனில் எங்கே அணைப்பது?

செட்டிங்சில் உள்ள பெயர்கள் போனுக்குப் போன் மாறும். உங்கள் போன் தமிழில் இருந்தால் இதே பெயர்கள் தமிழில் வரும்.

சாம்சங்: `Settings` போய் `Advanced features` என்பதைத் தொடுங்கள். அதில் `Side button` என்று இருக்கும். சற்று பழைய போனில் `Side key` என்று இருக்கும். உள்ளே `Double press` என்பதை அணைத்துவிடுங்கள். திரை தொடுதலைத் தடுக்க `Settings`, `Display` போய் `Accidental touch protection` என்பதை போட்டுவிடுங்கள். இது எல்லோரும் போட்டு வைக்க வேண்டியது.

ரெட்மி, போக்கோ: `Settings`, `Additional settings`, `Gesture shortcuts`. அதில் கேமராவுக்கும் டார்ச்சுக்கும் தனித்தனி வரி இருக்கும். இரண்டையும் பாருங்கள். கேமராவை மட்டும் அணைத்துவிட்டு டார்ச்சை விட்டுவிட்டால் தொல்லை பாதிதான் தீரும்.

பிக்சல்: `Settings`, `System`, `Gestures`. அதில் `Quickly open camera` என்பதை அணைக்க வேண்டும். புதிய போன்களில் இது `Double press power button` என்ற பெயரில் இருக்கும். முதுகில் தட்டும் வசதி `Quick Tap` என்ற பெயரில் அதே பக்கத்தில் இருக்கும். அது வேண்டும், ஆனால் தானாக வேலை செய்யக் கூடாது என்றால் உள்ளே `Require stronger taps` என்பதை போடுங்கள். பிறகு கொஞ்சம் பலமாகத் தட்டினால்தான் கேட்கும்.

மோட்டோரோலா: `Settings` உள்ளே `Gestures`. வெட்டுவது போல ஆட்டி டார்ச் போடுவது, மணிக்கட்டைத் திருப்பி கேமரா திறப்பது இரண்டும் தனித்தனியாக இருக்கும். கேமராவின் பெயர் `Quick capture`.

ஐபோன்: `Settings`, `Accessibility`, `Touch`, `Back Tap`. அதில் `Double Tap` என்பதில் `None` வையுங்கள். இரண்டு தட்டலுக்கு பதில் `Triple Tap` என்பதில் டார்ச்சை வைத்துக் கொண்டால் தானாக எரிவது குறையும். ஐபோன் 8-ம் அதற்குப் பிறகு வந்த போன்களுமே முதுகுத் தட்டலை ஏற்கும். ஐபோனில் பூட்டுத் திரையிலேயே டார்ச் படம் இருக்கும். பாக்கெட்டில் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். 2024-ல் வந்த ஐ.ஓ.எஸ். 18 முதல் அந்தப் படத்தை எடுத்துவிடலாம். பூட்டுத் திரையை அழுத்திப் பிடித்து `Customize` தொட்டால் போதும்.

விவோ, ஓப்போ, ரியல்மி உள்பட மற்ற போன் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸ் திறந்ததும் மேலே தேடும் பெட்டி இருக்கும். அதில் `power button` என்று அடித்துப் பாருங்கள். பிறகு `gesture`, `torch`, `pocket` என்று ஒவ்வொன்றாக அடியுங்கள். தேவையான பக்கம் தானாக வந்து நிற்கும்.

மாற்றிய பிறகு பழையபடி 5 நிமிட சோதனையை மறுபடி செய்து பாருங்கள். போனின் மென்பொருள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட பிறகும் ஒரு தடவை செய்து பார்ப்பது நல்லது. சில நேரம் அணைத்து வைத்தது மீண்டும் போடப்பட்டிருக்கும்.

அணைத்த பிறகும் கேமரா வருகிறதா?

அப்படி வந்தால் பட்டனையே சந்தேகப்பட வேண்டும். முதலில் கவரைக் கழற்றுங்கள். பவர் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு முறை. இப்படி 20 தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் திரை எரிய வேண்டும் அல்லது அணைய வேண்டும். ஒரே அழுத்தலில் எரிந்து உடனே அணைந்தால், நீங்கள் ஒரு முறை அழுத்தியதை பட்டன் இரண்டாகச் சொல்கிறது என்று அர்த்தம். பட்டன் தேய்ந்திருக்கலாம், தூசியோ தண்ணீரோ உள்ளே போயிருக்கலாம். இதற்கு செட்டிங்சில் மருந்து கிடையாது. கடையில் பட்டனை மாற்றத்தான் வேண்டும்.

கவரைக் கழற்றியதும் சரியாகிவிட்டால் குற்றவாளி கவர்தான். பட்டன் இருக்கும் இடத்தில் ரப்பர் மூடாமல் திறந்து வெட்டிய கவர் வாங்குங்கள். பேட்டரி மாற்றும் செலவோடு பார்த்தால் இது சில்லறை செலவு.

இரண்டுக்கு மேல் அழுத்தினால் போலீசுக்கு போகும்

இது வெறும் சார்ஜ் விவகாரம் மட்டும் அல்ல. சோதனையின்போது மூன்றாவது அழுத்தல் வேண்டாம் என்று சொன்னதற்கு காரணம் இதுதான்.

ஆபத்தில் இருப்பவர் உதவி கேட்க வசதியாக, 2017 ஜனவரி 1-ந் தேதி முதல் இந்தியாவில் விற்கப்படும் செல்போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டு வந்தது. அதன்படி ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து 3 முறை அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் 5 முறை அழுத்தினால் அவசர உதவி வேலை செய்யும். நம் நாட்டில் அவசர உதவி எண் 112.

பாக்கெட்டில் இரண்டு முறை அழுத்தப்படும் பட்டன் ஐந்து முறை அழுத்தப்பட எவ்வளவு நேரம் ஆகும்? இங்கிலாந்தில் இது நடந்தே விட்டது. அங்கே 2023-ல் ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதி பரவலாக வந்ததும், யாரும் பேசாத அழைப்புகள் அவசர எண்ணான 999-க்கு குவிந்தன. போலீஸ் தரப்பில் இருந்தே பொதுமக்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பேச்சு இல்லாத ஒவ்வொரு அழைப்பையும் ஆபத்தில் சிக்கியவரின் அழைப்பாக நினைத்து விசாரிக்க வேண்டும். அந்த நேரத்தில் உண்மையிலேயே உதவி தேவைப்படுபவர் காத்திருப்பார்.

அதற்காக இதையும் அணைத்துவிடுங்கள் என்று சொல்ல முடியாது. இரவு வேலைக்குப் போய் வரும் பெண்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் போனில் இது கட்டாயம் இருக்க வேண்டும். நடுவழி ஒன்று இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் `Safety & emergency` பகுதியில் `Emergency SOS` என்று இருக்கும். தானாக அழைப்பு போகட்டும் என்று இருந்தால், அதை மாற்றி, திரையை அழுத்திப் பிடித்தால்தான் அழைப்பு போகும் என்று சில போன்களில் வைக்கலாம். சாவியால் பட்டனை அழுத்த முடியும். திரையை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும்.

தவறுதலாக 112-க்கு அழைப்பு போய்விட்டால் பயந்துபோய் துண்டிக்காதீர்கள். "பாக்கெட்ல இருந்து தவறி அழுத்திடுச்சு சார், எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வையுங்கள். துண்டித்தால்தான் அவர்களுக்கு சந்தேகம் வரும், திரும்ப அழைப்பார்கள்.

டார்ச்சும் வேண்டும், தொல்லையும் வேண்டாம் என்றால்?

இருட்டில் வேலை செய்பவருக்கு டார்ச் இல்லாமல் முடியாது. பட்டன் குறுக்கு வழியை அணைத்துவிட்டால் டார்ச்சுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பெரும்பாலான போன்களில் பூட்டுத் திரையின் மேல் விளிம்பில் இருந்து விரலை கீழே இழுத்தால் டார்ச் படம் வரும். ரகசிய எண் தேவையில்லை. அந்தப் படம் வரிசையில் எங்கோ கடைசியில் இருந்தால் பென்சில் படத்தைத் தொட்டு முதல் இடத்துக்கு இழுத்து வைத்துக் கொள்ளுங்கள். இரட்டை அழுத்தலைவிட ஒரு வினாடி கூடுதலாக ஆகும். அவ்வளவுதான்.

குறுக்கு வழியை விடவே மனசில்லை என்பவர்கள் கேமராவை வைத்துக் கொண்டு டார்ச்சையாவது பட்டனில் இருந்து எடுத்துவிடுங்கள். பாக்கெட்டில் கேமரா திறந்தால் கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. டார்ச் பல போன்களில் நீங்கள் அணைக்கும் வரை எரிந்து கொண்டே இருக்கும்.

போனை வைக்கும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சட்டைப்பையில் வைக்கும்போது திரை வெளிப்பக்கம் இருக்கட்டும். வேர்வையில் நனைந்த துணி வழியாக உடம்பு திரையைத் தொடுவது குறையும். பேண்ட் பாக்கெட்டில் பவர் பட்டன் உள்ள பக்கம் தொடையின் வளைவில் நசுங்காமல் வைத்துப் பழகுங்கள். சாவியையும் சில்லறையையும் அடுத்த பாக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

கோயம்பேடு உதாரணத்தில் சொன்ன போனுக்கு வேண்டியதும் இந்த மூன்று வேலைதான். பவர் பட்டன் இரட்டை அழுத்தலை அணைப்பது, பைக் சாவியை இன்னொரு பாக்கெட்டில் போடுவது, டார்ச் படத்தை முதல் இடத்துக்கு இழுத்து வைப்பது. புது பேட்டரி வாங்கும் முன் ஒரு வாரம் இப்படி வைத்துப் பாருங்கள். கேலரியில் கறுப்புப் படம் புதிதாக வராமல், போனும் சுடாமல் இருந்து, அப்போதும் சார்ஜ் மதியத்துக்குள் தீர்ந்துபோனால் மட்டும் பேட்டரியை சந்தேகப்படலாம்.